பெட்டி, சார்ஜிங் பின், முதுகு, செட்டிங்ஸ்: போட்டோவிலேயே போலி எஸ்23 அல்ட்ராவைக் கண்டுபிடிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கும்பகோணத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் விழும் நாட்களில், திருவாரூர், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டைப் பக்கமிருந்தெல்லாம் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கிவிடும். பெட்டி, சார்ஜிங் பின், பின்பக்கம், செட்டிங்ஸ் திரை என்று பெரும்பாலும் நான்கு படங்கள் இருக்கும். கூடவே “வாங்கலாமா?” என்று ஒரு வரி. அப்படி வருகிறவற்றில் அதிகமாக நான் பார்ப்பது சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவின் காப்பிகளைத்தான். ஆகவே இந்த ஒரு மாடலை மட்டும் எடுத்துக்கொண்டு, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். மற்ற மாடல்களுக்கு எண்கள் மாறும். பார்க்கும் முறை இதுதான்.

“மன்னார்குடியில் ஒருவர் எஸ்23 அல்ட்ராவை 28,000 ரூபாய்க்குத் தருகிறார். செட்டிங்ஸ் படத்தில் மாடல் எண்கூடச் சரியாக இருக்கிறது. வாங்கலாமா, அண்ணா?”

வேண்டாம் தம்பி, அது போலி. நீங்கள் அனுப்பிய படத்திலேயே அது தெரிகிறது.

மாடல் எண் SM-S918B என்று இருப்பது உண்மைதான். இந்தியாவில் விற்ற எஸ்23 அல்ட்ராவின் எண்ணும் அதுவே. ஆனால் அதே திரையில் இரண்டு வரி கீழே 16 ஜிபி ரேம், 1 டிபி சேமிப்பு என்று போட்டிருக்கிறது. எஸ்23 அல்ட்ரா 8 ஜிபி, 12 ஜிபி என்ற இரண்டு ரேம் அளவுகளில்தான் தயாரானது. 16 ஜிபியில் அப்படி ஒரு போன் எங்கும் விற்கப்படவில்லை. காப்பி செய்கிறவர்கள் அசலைவிடப் பெரிய எண்ணைப் போட்டால் வாங்குகிறவர் மயங்குவார் என்று நினைக்கிறார்கள். அந்தப் பேராசைதான் அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அசல் சாம்சங்கில் RAM Plus என்ற வசதி உண்டு. சேமிப்பில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. அதைக் கூட்டிச் சொல்லி “20 ஜிபி” என்று ஒருவர் விற்றால், அதனாலேயே போன் போலி ஆகிவிடாது. அசலில் அது தனி வரியாகத் தெரியும். உங்களுக்கு வந்த படத்தில் தனி வரி இல்லை. நேராகவே 16 என்று இருக்கிறது.

இதோடு நிறுத்தாமல் இன்னொரு படம் கேட்கச் சொன்னேன் அல்லவா? About phone பக்கத்துக்குள் Software information என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் வரும் திரையைத்தான் நான் எப்போதும் கேட்பேன். விற்பவர் முதலில் தயங்கி, பிறகு அனுப்பினார் என்று சொன்னீர்கள். அதில் Android version 13 என்று இருக்கிறது. Kernel version என்ற வரியில் 3.18.79 என்று இருக்கிறது. இந்த இரண்டு எண்களும் ஒரே எஸ்23 அல்ட்ராவில் சேர்ந்து இருக்கவே முடியாது.

“கெர்னல் எண்ணில் அப்படி என்ன இருக்கிறது? அதையும் மாற்றி எழுதிவிட மாட்டார்களா?”

கெர்னல் என்பது போனின் கடைக்கால். ஆண்ட்ராய்டு அதன்மேல் கட்டிய வீடு. மாடல் பெயர், ஆண்ட்ராய்டு எண், ரேம் அளவு போன்றவை எழுத்தாக ஒரு கோப்பில் கிடப்பவை. அந்த எழுத்தைத் திருத்தினால் செட்டிங்ஸ் திரை திருத்தியதையே காட்டும். அது வீட்டு முகப்புக்கு வண்ணம் பூசுவது போல எளிய வேலை.

கெர்னல் அப்படியல்ல. அது உள்ளே இருக்கும் சிப்போடு ஒட்டியது. காப்பிப் போனில் விலை குறைந்த பழைய சிப்பைப் போடுகிறார்கள். அந்தச் சிப்புக்கு எந்தக் கெர்னலில் ஆதரவு தரப்பட்டதோ, அதில்தான் அது ஓடும். 3.18 என்ற கெர்னல் வெளிவந்தது 2014 டிசம்பரில். 5.15 வெளிவந்தது 2021 அக்டோபரில். 2023 பிப்ரவரியில் அறிமுகமான எஸ்23 அல்ட்ராவில் இருக்கும் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 சிப், 5.15 கெர்னலோடுதான் வந்தது. ஆகவே அசல் போனின் Kernel version வரி 5.15 என்று தொடங்கும். அதே நீளமான வரியில் S918B என்ற மாடல் குறியும் கலந்திருக்கும். அருகிலுள்ள Baseband version, Build number வரிகளிலும் அந்தக் குறி வர வேண்டும். மாடல் எண் ஒன்று சொல்லி, இந்த மூன்று வரிகளிலும் அதன் சுவடே இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் திரையில் சாம்சங்கின் பாதுகாப்பு ஏற்பாடான Knox-க்கு Knox version என்ற பகுதியும் இருக்கும். பல காப்பிகளில் அதைச் சேர்க்கவே மறந்திருப்பார்கள்.

மாற்றி எழுத முடியுமா என்றால், முடியும். செட்டிங்ஸ் திரையையே முழுக்கப் பொய்யாக வரைந்துவைத்த காப்பிகளும் உண்டு. அவற்றில் எல்லா வரிகளும் சரியாகவே இருக்கும். அதனால்தான் இந்த ஒரு படத்தை மட்டும் நம்பி நான் “அசல்” என்று சொல்வதில்லை. ஆனால் வரிகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் “போலி” என்று சொல்லத் தயங்குவதுமில்லை.

3.18, 4.14 போன்ற எண்களைப் பார்த்தாலே வேறு போன்களையும் போலி என்று முடிவு செய்துவிடாதீர்கள். விலை குறைந்த அசல் போன்கள் பலவும் பழைய கெர்னலில்தான் வந்தன. அந்தந்த மாடல் எந்தக் கெர்னலோடு வந்தது என்று தெரிந்துகொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

“விற்பவர் திரையை இன்னொரு போனில் போட்டோ எடுத்து அனுப்புகிறார். ஸ்கிரீன்ஷாட்டாகக் கேட்டால் ஏதாவது பயன் உண்டா?”

மிகப் பெரிய பயன் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஸ்கிரீன்ஷாட் என்பது போனின் திரை தன்னைத்தானே எடுத்துக்கொண்ட அச்சு. படத்தில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றனவோ, அத்தனை புள்ளிகளில்தான் அந்தத் திரை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. எஸ்23 அல்ட்ராவில் மூன்று அளவுகள் உண்டு: 1440 × 3088, 1080 × 2316, 720 × 1544. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நடு அளவில் இருக்கும். முழுத்திரை ஸ்கிரீன்ஷாட் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் வர முடியும். பாபநாசத்திலிருந்து ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் 720 × 1600 என்று இருந்தது. திரையின் நீள அகல விகிதமே வேறு. செட்டிங்ஸில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அந்தப் போனுக்குள் இருப்பது எஸ்23 அல்ட்ராவின் திரை அல்ல.

கேட்கும் விதம்தான் முக்கியம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், அளவு மாறிவிடும். “டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்” என்று சொல்லுங்கள். வந்ததும் உங்கள் போனின் கேலரியில் அந்தப் படத்தைத் திறந்து விவரத்தைப் பார்த்தால் அளவு தெரியும். ஓரங்களை வெட்டிய படம் என்றால் கணக்கு செல்லாது. மேலே மணி காட்டும் பட்டையும் கீழ் விளிம்பும் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்மையான விற்பனையாளருக்கு இது ஒரு நிமிட வேலை. “அதெல்லாம் எனக்குத் தெரியாது” என்பவருக்கு எப்படி அனுப்புவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். வயதானவர்களுக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம்.

“பெட்டி புத்தம் புதிதாகச் சீலோடு இருக்கிறது. அதைவிட என்ன சாட்சி வேண்டும்?”

சீலை நான் ஒரு பொருட்டாகப் பார்ப்பதில்லை. பெட்டியையே அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஸ்டிக்கர் பெரிய வேலையில்லை. பெட்டியில் நான் பார்ப்பது அதன் தடிமனையும் பின்னால் ஒட்டிய லேபிளையும்தான்.

எஸ்23 அல்ட்ரா பெட்டிக்குள் சார்ஜர் கிடையாது. கேபிளும் சிம் தட்டை எடுக்கும் ஊசியும் மட்டுமே இருக்கும். அதனால் பெட்டி ஒல்லியாக இருக்கும். “சார்ஜர், ஹெட்செட் எல்லாம் பெட்டியோடு வந்தது” என்று சொல்லி, தடித்த பெட்டிக்குள் அவற்றுக்கென்று வெட்டிய குழிகளோடு ஒரு படம் வந்தால், அந்தப் பெட்டி சாம்சங் ஆலையிலிருந்து வந்தது அல்ல. தனியாக வாங்கிய சார்ஜரைச் சேர்த்துக் கொடுப்பது வேறு. குழி இருக்கிறதா என்பதே கேள்வி.

அடுத்தது லேபிள். இந்தியாவில் விற்கும் பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரித்தவர் பெயரும் முகவரியும், நுகர்வோர் புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் அப்படிச் சொல்கின்றன. கூடவே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், R- என்று தொடங்கி எட்டு இலக்கங்கள் கொண்ட பதிவெண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசுச் செயலியில் அந்தப் பதிவெண்ணை அடித்தால், அது எந்த நிறுவனத்தின் எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று காட்டும். ஒருமுறை ஒரு லேபிளில் இருந்த எண்ணை அடித்துப் பார்த்தேன். வேறொரு நிறுவனத்தின் அடாப்டர் வந்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

லேபிளில் எழுதியுள்ள நிறம், ரேம், சேமிப்பு ஆகிய மூன்றையும் மற்ற மூன்று படங்களோடு ஒப்பிடுங்கள். மன்னார்குடித் தம்பிக்கு வந்த படத்தில், லேபிள் 12 ஜிபி, 256 ஜிபி என்றது. செட்டிங்ஸ் 16 ஜிபி, 1 டிபி என்றது. பெட்டியை அசலைப் பார்த்து அப்படியே அச்சடித்தவர் வேறு, செட்டிங்ஸில் எழுதியவர் வேறு. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை.

பெட்டி முழுவதும் அசலாகவே இருந்தாலும், உள்ளிருக்கும் போன் அசல் என்று ஆகாது. காலிப் பெட்டி தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறது.

“ஐஎம்இஐ எண்ணை 14422-க்கு அனுப்பினேன். சாம்சங் எஸ்23 அல்ட்ரா என்றே பதில் வந்தது. அப்படியென்றால் அசல்தானே?”

அந்த எண் அசல். அந்த எண்ணைத் தாங்கியிருக்கும் போன் அசலா என்பது தனிக் கேள்வி.

KYM என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, போனின் அடையாள எண்ணான பதினைந்து இலக்க ஐஎம்இஐயைச் சேர்த்து 14422-க்கு அனுப்பினால், அந்த எண் எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு ஒதுக்கப்பட்டது என்று தொலைத்தொடர்புத் துறையின் பதிவேடு பதில் தரும். அந்தத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதையே பார்க்கலாம். எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை வைத்தே நிறுவனமும் மாடலும் அறியப்படுகின்றன. ஒரு அசல் போனின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டால், பதிவேடு அந்த அசல் போனைப் பற்றித்தான் பதில் சொல்லும். பழைய பொருள் விற்கும் தளங்களில் பெட்டி லேபிளை மறைக்காமல் படம் போடுகிறவர்களிடமிருந்து இப்படி எண்களைத் திருட முடியும். உங்கள் பழைய போனை விற்கும்போது லேபிளை விரலால் மறைத்துப் படம் எடுங்கள்.

ஆனாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடக் கூடாது. பதிலில் வேறு மாடல் வந்தாலோ, எண் முடக்கப்பட்டது என்றோ ஒரே எண் பல போன்களில் ஓடுகிறது என்றோ வந்தாலோ, அத்தோடு பேச்சை முடித்துவிடலாம்.

கையாலேயே செய்யக்கூடிய ஒரு சிறு கணக்கும் உண்டு. ஐஎம்இஐயின் பதினைந்தாவது இலக்கம் முதல் பதினான்கிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்பட்டது. உதாரணத்துக்கு 490154203237518 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று இரட்டை இடங்களில் இருக்கும் இலக்கங்களை இரண்டால் பெருக்க வேண்டும். விடை இரண்டு இலக்கமாக வந்தால் அந்த இரண்டையும் கூட்டி ஓர் இலக்கமாக்க வேண்டும். அப்படிச் செய்தால் பதினான்கு இலக்கங்களும் இப்படி ஆகும்:

```
4 9 0 1 5 4 2 0 3 2 3 7 5 1
4 9 0 2 5 8 2 0 3 4 3 5 5 2
```

கீழ் வரிசையைக் கூட்டினால் 52. அடுத்த பத்தின் மடங்கான 60-ஐ எட்ட 8 வேண்டும். கடைசி இலக்கமும் 8. எண் ஒழுங்கானது. மனம்போன போக்கில் அடித்த எண் இந்தக் கணக்கில் பெரும்பாலும் தோற்கும். திருடிய எண் எப்போதும் தேறும்.

உண்மையான பயன் எண்களைப் பொருத்திப் பார்ப்பதில் இருக்கிறது. *#06# அடித்தால் போன் காட்டும் எண், About phone பக்கத்தில் உள்ள எண், பெட்டி லேபிளில் உள்ள எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். காப்பிகளில் *#06# ஒரு எண்ணையும் செட்டிங்ஸ் இன்னொரு எண்ணையும் காட்டுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

“சார்ஜிங் பின் படத்தில் என்ன பார்க்க வேண்டும்? எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.”

பின்னை மட்டும் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரியும். டைப்-சி பின் இன்று எல்லாப் போனிலும் இருக்கிறது. காப்பியிலும் அதையே போடுகிறார்கள். துளைகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா, பின் நடுவில் இருக்கிறதா என்று பார்க்கலாம். மங்கிய படத்தில் அது பிடிபடாது. நான் அந்தக் கீழ் விளிம்பு முழுவதையும் கேட்பேன்.

எஸ்23 அல்ட்ராவில் சார்ஜிங் பின், ஸ்பீக்கர், சிம் தட்டு, திரையில் எழுதும் எஸ் பென் நான்கும் கீழ் விளிம்பிலேயே இருக்கும். இயர்போன் துளை எங்கும் கிடையாது. சிம் தட்டு பக்கவாட்டில் இருந்தால், படத்தை அங்கேயே மூடிவிடலாம்.

கீழேதான் இருக்கிறது என்றால், தட்டை வெளியே இழுத்து ஒரு படம் கேளுங்கள். இதைவிட நல்ல படம் வேறில்லை என்பது என் அனுபவம். அசல் தட்டில் மெமரி கார்டுக்கு இடமே கிடையாது, ஏனென்றால் இந்த மாடலில் மெமரி கார்டு வசதியே இல்லை. தட்டின் தலைப்பகுதியைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அது. காப்பிகளில் இந்த ரப்பர் பெரும்பாலும் இருக்காது, மெமரி கார்டுக்கான இடம் தாராளமாக இருக்கும். உள்ளே இருக்கும் சேமிப்பு உண்மையில் சொற்பம் என்பதால் அவர்களுக்கு அது தேவைப்படுகிறது.

எஸ் பென்னையும் பாதி வெளியே எடுத்த நிலையில் ஒரு படம் கேட்கலாம். அசலில் முனையை அழுத்தினால் சொடுக்கிக்கொண்டு வெளியே வரும். சில காப்பிகளில் அந்த இடத்தில் வெறும் கோடு மட்டும்தான் இருக்கிறது.

“பின்பக்கத்துக் கேமராக்கள் அசல் போலவே இருக்கின்றன. வித்தியாசம் தெரியுமா?”

வெளிச்சம் இருந்தால் தெரியும். ஒரு டார்ச்சைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து, லென்ஸ்களை நெருக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

எஸ்23 அல்ட்ராவின் பின்னால் நான்கு கேமராக்கள் உண்டு. அவற்றில் ஒன்று பத்து மடங்கு தூரத்தைக் கொண்டுவரும் கேமரா. அதற்குள் ஒளி நேராகப் போகாமல், ஒரு கண்ணாடிப் பட்டகத்தில் பட்டுப் பக்கவாட்டில் திரும்புகிறது. அதனால் வெளி வளையம் வட்டமாக இருந்தாலும், உள்ளே எட்டிப் பார்த்தால் சதுரமான துவாரம் தெரியும். காப்பியில் அந்த வளையத்துக்குள்ளும் ஒரு சிறு வட்டமோ, வெறும் கறுப்புத் தாளோ இருக்கும். நான்கில் இரண்டு மூன்று வெறும் அலங்காரம்தான். அசல் லென்ஸில் டார்ச் ஒளி பட்டால் ஊதா, பச்சை நிறத்தில் ஆழமான பிரதிபலிப்பு வரும். அலங்கார லென்ஸில் ஒளி மேலேயே நின்றுவிடும்.

கண்ணாடியின் பளபளப்பு, எழுத்தின் தடிமன் ஆகியவற்றை வைத்து நான் முடிவு செய்வதில்லை. அதற்குக் காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

“திருவாரூரில் நான் பார்த்த போனில் முதுகில் உள்ள சாம்சங் எழுத்தே சற்றுக் கோணலாக இருந்தது. ஆனால் நீங்கள் அசல் என்றீர்கள். எப்படி?”

அந்தப் போனில் பின் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. கீழே விழுந்து உடைந்தால் கடைகளில் மாற்றுக் கண்ணாடி போடுகிறார்கள், நானும் போடுகிறேன். அந்த மாற்றுக் கண்ணாடிகளில் எழுத்து சற்றுத் தள்ளியிருக்கும், நிறமும் கொஞ்சம் மாறும். உள்ளே இருக்கும் போர்டும் திரையும் அசல். உங்கள் போனில் கெர்னல் வரி, ஸ்கிரீன்ஷாட் அளவு, சிம் தட்டு, சதுரத் துவாரம் எல்லாமே பொருந்தின. ஆகவே அது அசல், ஆனால் பிரித்து வேலை பார்த்த போன். தண்ணீர் புகாத காப்பு இனி அதற்கு இருக்கும் என்று நம்ப முடியாது. விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேட்கலாம். போலி என்று சொல்லி விற்பவரை அவமானப்படுத்தக் கூடாது.

“என் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த போன் இது. பெட்டியில் ரூபாய் விலையே இல்லை. போலியோ என்று பயமாக இருக்கிறது.”

ரூபாய் விலையும் இந்தியத் தரக் குறியும் இந்தியாவில் விற்கும் பெட்டிக்கு மட்டுமே. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து வீடுகளில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த போன்கள் ஏராளம். அவற்றின் பெட்டியில் அந்தந்த நாட்டு லேபிள்தான் இருக்கும். மாடல் எண்ணும் மாறலாம். ஹாங்காங் போன் SM-S9180, அமெரிக்கப் போன் SM-S918U, கொரியப் போன் SM-S918N. எல்லாம் அசல்தான். அந்த எண் பெட்டியிலும் செட்டிங்ஸிலும் Build number வரியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எச்சரிக்கை வேண்டியது இதற்கு எதிரான இடத்தில். “துபாய் செட், அதனால்தான் விலை குறைவு, அதனால்தான் பில் இல்லை” என்று சொல்லிவிட்டு, ரூபாய் விலை அச்சடித்த இந்திய லேபிளோடு பெட்டியைக் காட்டினால், சொன்ன கதைக்கும் பெட்டிக்கும் பொருத்தம் இல்லை.

“போனில் 5ஜி என்று காட்டுகிறது, ஆனால் என் ஜியோ சிம் போட்டால் சிக்னலே வரவில்லை. சிம்மில் கோளாறா?”

சிம்மை வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால், கோளாறு போனில்தான். பழைய சிப் போட்ட காப்பிகள் பல, 3ஜி வரை மட்டுமே பேசக்கூடியவை. ஜியோவில் 3ஜி என்பதே கிடையாது; 4ஜியில் தொடங்கிய நிறுவனம் அது. ஆகவே அந்தப் போனுக்குப் பிடிக்க அலையே இல்லை. மேலே தெரியும் 5ஜி என்பது வரைந்த படம்.

4ஜி சிப் போட்ட காப்பிகளில் ஜியோ வேலை செய்யும். ஆகவே சிக்னல் வந்ததால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம்.

“தெரியாமல் வாங்கிவிட்டேன். போன் ஓடத்தானே செய்கிறது, இருக்கும்வரை பயன்படுத்தலாமா? அல்லது யாருக்காவது விற்றுவிடலாமா?”

இரண்டும் வேண்டாம், அக்கா.

உங்கள் வங்கிக் கணக்கு, சுய உதவிக் குழுவின் கணக்கு, பணம் அனுப்பும் செயலிகள் எல்லாம் அந்தப் போனில் இருக்கும். பிரபல மாடல்களின் காப்பிகளில், விற்பனைக்கு வரும்போதே போனின் அடிப்படை மென்பொருளுக்குள் ட்ரையாடா என்ற தீம்பொருள் பதிந்திருந்ததை 2025-இல் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது அடிமட்டத்தில் இருப்பதால் போனை முழுவதும் அழித்து ரீசெட் செய்தாலும் போகாது. எல்லாக் காப்பியிலும் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பதில் இல்லை என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கடவுச்சொற்களை வேறு போனிலிருந்து மாற்றிவிட்டு, சிம்மை இன்றே எடுத்துவிடுங்கள்.

விற்பது இன்னும் மோசம். அதில் இருப்பது வேறொருவர் போனிலிருந்து திருடிய ஐஎம்இஐ எண்ணாக இருக்கலாம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, இப்படி மாற்றப்பட்ட அடையாள எண் கொண்ட கருவி என்று தெரிந்தே அதை வைத்திருப்பதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரியாமல் வாங்கியவர் என்ற நிலையில்தான் இப்போது இருக்கிறீர்கள். பணத்தை ஆன்லைனில் அனுப்பியிருந்தால் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது. நான்கு படங்களையும், விற்பவரோடு நடந்த உரையாடலையும், போனையும் பெட்டியோடு காவல் நிலையத்தில் கொடுங்கள். படங்களை அழித்துவிடாதீர்கள்.

“எல்லாப் படங்களும் பொருந்திவிட்டன. தஞ்சாவூர் புதிய பஸ் நிலையத்தில் சந்தித்து வாங்கப் போகிறேன். அங்கே என்ன செய்ய வேண்டும்?”

படங்கள் அசல் போனுடையவை. அவர் கையில் கொண்டுவருவது எது என்று இனிதான் தெரியும். அதனால் கிளம்புவதற்கு முன்பே இன்னும் ஒரு படம் கேளுங்கள். இன்றைய தேதி எழுதிய தாள், *#06# எண் தெரியும் திரை, பெட்டி லேபிள் ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்தில் இருக்க வேண்டும். அடுத்தவர் படத்தை எடுத்து அனுப்புகிறவர் இந்த இடத்தில் சிக்கிக்கொள்வார்.

அங்கே போனதும், நீங்களே *#06# அடித்து, அந்தப் படத்திலுள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். பிறகு *#0*# அடியுங்கள். அசல் எஸ்23 அல்ட்ராவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டங்கள் கொண்ட சோதனைத் திரை வரும். பெரும்பாலான காப்பிகளில் ஒன்றும் நடக்காது. உங்கள் சிம்மைப் போடும் சாக்கில் தட்டை வெளியே எடுத்து ரப்பரைப் பாருங்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதன் அளவைப் பாருங்கள். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும். அவசரப்படுத்துகிறவரிடம் “இன்னொரு நாள் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

காட்டிய போன் ஒன்று, கவரில் போட்டுக் கொடுத்தது ஒன்று என்று ஆனவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன், பெட்டியை மூடிக் கையில் தந்தாலும் திறந்து, மறுபடியும் ஒருமுறை *#06# அடித்துக் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு போன் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.